முடிந்துபோன காலாண்டுக்கு ஏப்ரலில் எழுதிய விதி: எங்கள் பம்புசெட் நிறுவனத்தின் நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாக இயக்குநர் அவர்களுக்கும் விற்பனைப் பிரிவின் தலைவர் அவர்களுக்கும்,

வணக்கம். கோவையில் உற்பத்தியாகும் நமது மோட்டார்களையும் பம்புகளையும் தாராபுரம், காங்கயம், மூலனூர், வெள்ளகோவில் பகுதிக் கடைகளுக்கு விற்றுவரும் பிரதிநிதி நான். மேற்கு மண்டலத்தில் என்னுடன் பணிபுரியும் பதினாறு பேரின் ஒப்புதலோடு இந்த மடலை எழுதுகிறேன். ஜனவரி முதல் மார்ச் வரையிலான காலாண்டின் ஊக்கத்தொகை விதியை ஏப்ரல் 21-ஆம் தேதியிட்ட சுற்றறிக்கையால் தாங்கள் மாற்றியது பற்றி மே மாதத்தில் இரண்டு முறை மின்னஞ்சலில் கேட்டோம். இரண்டுக்கும் மண்டல மேலாளர் வழியாக வாய்மொழியாகவே பதில் வந்தது. எழுத்தில் கேட்டதற்கு எழுத்தில் பதில் கிடைக்காததால்தான் இதைப் பொதுவில் வைக்கிறேன். நிறுவனத்தின் பெயரையோ கடைக்காரர்களின் பெயர்களையோ இதில் நான் குறிப்பிடவில்லை. தகராறு நமக்குள்ளேயே தீரும் என்ற நம்பிக்கை எனக்கு இன்னும் இருக்கிறது.

ஜனவரி 3-ஆம் தேதி வந்த சுற்றறிக்கையில் திட்டம் தெளிவாகவே இருந்தது. காலாண்டு இலக்கில் 80 விழுக்காட்டை எட்டினால் நிகர விற்பனையில் 0.4 விழுக்காடு, 100 விழுக்காட்டை எட்டினால் 0.7 விழுக்காடு, 115-ஐத் தாண்டினால் 1 விழுக்காடு, அதுவும் முழு விற்பனைத் தொகைக்கும். பில் தொகையிலிருந்து ஜி.எஸ்.டி.யையும், திரும்பி வந்த சரக்கையும், ரொக்கத் தள்ளுபடியையும் கழித்தால் வருவது நிகர விற்பனை என்று அதில் வரையறை எழுதியிருந்தது. தொகை மே மாதச் சம்பளத்தோடு வரும் என்றும் இருந்தது. அந்த இரண்டு பக்கங்களில் ‘வசூல்’ என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை.

ஏப்ரல் 21-இல் வந்த சுற்றறிக்கைக்குத் ‘தெளிவுரை’ என்று தலைப்பிட்டிருந்தீர்கள். பில் போட்ட நாளிலிருந்து அறுபது நாளுக்குள் பணம் வந்துசேர்ந்த பில்கள் மட்டுமே விற்பனையாகக் கொள்ளப்படும் என்றும், இது ஜனவரி 1 முதல் பொருந்தும் என்றும் அதில் இருந்தது. தெளிவுரை என்றால் முன்பே எழுதியிருந்த ஒன்றுக்கு விளக்கம் தருவது. இதே வாசகத்தோடு வந்த அக்டோபர்–டிசம்பர் திட்டத்துக்குப் பில் தொகையை வைத்தே கணக்கிட்டு, பிப்ரவரிச் சம்பளத்தோடு எங்கள் அனைவருக்கும் பணம் கொடுத்தீர்கள். அப்போது இல்லாத ஒரு பொருள், ஒரு சொல்லும் மாறாத அதே வாசகத்துக்கு ஏப்ரலில் எப்படி வந்தது என்று கேட்டால், இது விதி மாற்றம் என்பதைத் தவிர வேறு பதில் இருக்க முடியாது.

இனி என் கணக்கையே எடுத்துக்கொள்கிறேன். மற்றவர்களின் கணக்கைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. என் இலக்கு 90 லட்சம் ரூபாய். மார்ச் 31 மாலை நிகர விற்பனை ஒரு கோடியே எட்டு லட்சம், அதாவது இலக்கில் 120 விழுக்காடு. விற்பனைச் செயலியில் என் பெயருக்கு நேரே 1,08,000 ரூபாய் ஊக்கத்தொகை என்று அன்று காட்டியது. அந்தத் திரையைப் படம் எடுத்து வைத்திருக்கிறேன். மே மாதச் சம்பளச் சீட்டில் வந்த தொகை 31,200 ரூபாய்.

இந்த 31,200 எப்படி வந்தது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். என் விற்பனையில் 30 லட்சம் ரூபாய்க்கான பில்கள் அறுபது நாளுக்குள் வசூலாகவில்லை என்று கழிக்கப்பட்டன. மீதி 78 லட்சம், இலக்கில் 86.7 விழுக்காடு. ஆகவே நான் உச்சிப் படியிலிருந்து அடிப்படிக்கு இறக்கப்பட்டேன். ஒரு விழுக்காடு 0.4 ஆனது. விற்பனையில் கழிந்தது நூற்றுக்கு 28. ஊக்கத்தொகையில் கழிந்ததோ நூற்றுக்கு 71. படிநிலைத் திட்டங்களில் அடித்தொகையைத் தொட்டால் விகிதமும் சேர்ந்து விழும். ‘வசூலாகாத பில்லுக்கு மட்டும்தானே கொடுக்கவில்லை’ என்று மண்டல மேலாளர் சொன்னபோது, அவர் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்திருக்கவில்லை என்றே நினைக்கிறேன். வசூலாகாத பில்லுக்கு மட்டும் கொடுக்காமல் இருந்திருந்தால், 78 லட்சத்துக்கு ஒரு விழுக்காடாக 78,000 வந்திருக்க வேண்டும். வசூலான பில்களுக்குரிய பணத்திலிருந்தும் 46,800 ரூபாய் போயிருக்கிறது.

அந்த முப்பது லட்சம் ஏன் அறுபது நாளுக்குள் வரவில்லை என்பதுதான் இந்த மடலின் மையமான செய்தி. அது வர வேண்டியதே இல்லை. பிப்ரவரி 5-ஆம் தேதி, கோடைப் பருவத்தை முன்னிட்டு, மார்ச் 31 வரை எடுக்கும் நீர்மூழ்கி மோட்டார்களுக்குத் தொண்ணூறு நாள் தவணை என்று கடைகளுக்கு அறிவித்தது நமது நிறுவனமே. அந்த அறிவிப்பை அச்சடித்துக் கொடுத்து, கடை கடையாக ஒட்டச் சொன்னீர்கள், ஒட்டினோம்.

எங்கள் பகுதியில் அந்தத் தொண்ணூறு நாளுக்குக் காரணம் உண்டு. பரம்பிக்குளம்–ஆழியாறு பாசனத் திட்டத்தில் தம் மண்டலத்துக்குத் தண்ணீர் முறை வராத பருவத்தில் தென்னையைக் காப்பாற்ற உழவர் ஆழ்துளைக் கிணற்றையே நம்புகிறார். ஆயிரம் அடிக்குக் கீழே தண்ணீர் தேடுகிற ஊர்களில் பிப்ரவரி, மார்ச்சில் கம்பிச்சுருள் எரிந்த மோட்டார்கள் வரிசையாகக் கடைக்கு வரும். மோட்டாரை அன்றே இறக்கியாக வேண்டும். பணமோ கொப்பரை போட்ட பிறகோ, சின்ன வெங்காயம் விற்ற பிறகோதான் வரும். கடைக்காரர் உழவருக்குக் கடன் கொடுக்கிறார். அவருக்கு நாம் கடன் கொடுக்கிறோம். இதைத் தாங்கள் அறிந்துதான் தொண்ணூறு நாள் கொடுத்தீர்கள். போட்டி நிறுவனங்களை முந்தவும் அது உதவியது என்பதை நன்றியோடு சொல்கிறேன்.

பிப்ரவரி 18-ஆம் தேதி காங்கயத்தில் ஒரு கடையில் நடந்ததை மட்டும் சொல்கிறேன். கடைக்காரர் அறிவிப்பைப் படித்துவிட்டு, தேதியை இரண்டு முறை விரலால் தொட்டுப் பார்த்தார். “தம்பி, தொண்ணூறு நாளுன்னா இருபது செட் எறக்கிருங்க. அறுவது நாளுன்னா எட்டுப் போதுமுங்க” என்றார். இருபது செட்டு, ஏழரைக் குதிரைத்திறன், 5,60,000 ரூபாய்க்கு பில் போட்டோம். அந்த பில்லின் கெடு மே 19. அவர் மே 15 அன்றே வங்கி வழியாக முழுப் பணத்தையும் அனுப்பிவிட்டார். கெடுவுக்கு நான்கு நாள் முன்பே வந்த பணம் அது. ஆனாலும் தங்கள் தெளிவுரைப்படி அந்த பில் என் விற்பனை அல்ல. அறுபதாவது நாள் ஏப்ரல் 19-இலேயே முடிந்திருந்தது. தெளிவுரை என் கைக்கு வந்தது ஏப்ரல் 21. அன்று மாலையே காங்கயத்துக்கு வண்டியை விரட்டிப்போய்க் கடைக்காரரின் காலைப் பிடித்திருந்தாலும் அந்த பில்லைக் காப்பாற்றியிருக்க முடியாது. அதற்கு அவர் ஒப்பவும் தேவையில்லை, ஏனென்றால் தொண்ணூறு நாள் என்று அவரிடம் இருப்பது நமது நிறுவனத்தின் எழுத்து.

விதியை முன்பே சொல்லியிருந்தால் நான் வேறுவிதமாக வேலை செய்திருப்பேன். எட்டு செட்டை அறுபது நாளுக்கு விற்றிருப்பேன். அல்லது ரொக்கத் தள்ளுபடி கேட்கும் கடைகளிடம் கூடுதல் நாள் செலவிட்டிருப்பேன். ஊக்கத்தொகை என்பதே நடத்தையை ஒரு திசைக்குத் திருப்புவதற்கான கருவி. நடந்து முடிந்த மூன்று மாதத்தை எந்தக் கருவியாலும் திருப்ப முடியாது. எங்கள் ஊரில் தேங்காய் போடுகிறவரிடம் மரத்துக்கு இவ்வளவு என்று பேசி ஏற்றிவிட்டு, அவர் இறங்கிக் கைகால் கழுவிய பிறகு, சந்தையில் விலைபோன காய்க்கு மட்டும்தான் கூலி என்று எந்தத் தோட்டக்காரரும் சொல்வதில்லை. சொன்னால் அடுத்த வெட்டுக்கு ஆள் வரமாட்டார்.

நிர்வாகத்தின் தரப்பில் இரண்டு காரணங்கள் சொல்லப்பட்டதாக அறிகிறேன். ஒன்று, மார்ச் கடைசி வாரத்தில் இலக்குக்காகக் கடைகளில் சரக்கைத் திணிக்கும் பழக்கம். அது நடக்கிறது, இல்லை என்று நான் சொல்லப்போவதில்லை. ஆனால் திணித்த சரக்கு திரும்பி வரும். திரும்பி வந்ததைக் கழிப்பதற்கு ஜனவரித் திட்டத்திலேயே வழி இருக்கிறது. யாருடைய பகுதியில் ஏப்ரல், மே மாதங்களில் சரக்கு திரும்பியது என்பதைக் கிடங்கின் வரவுப் பதிவேடு ஒரு மணி நேரத்தில் காட்டிவிடும். அதைப் பார்க்காமல் பதினேழு பேர் மீதும் ஒரே வாளியைக் கவிழ்த்தது நியாயமாகாது.

மற்றொரு காரணம், சுற்றறிக்கையின் கடைசியில் சிறிய எழுத்தில் உள்ள வாசகம்: ‘இத்திட்டத்தை எந்நேரத்திலும் முன்னறிவிப்பின்றி மாற்றவோ திரும்பப் பெறவோ நிர்வாகத்துக்கு உரிமை உண்டு.’ இந்த வாசகத்தை நாங்கள் மறுக்கவில்லை. பிப்ரவரி 10-ஆம் தேதி திட்டத்தை நிறுத்தியிருந்தால், பிப்ரவரி 11 முதல் ஊக்கத்தொகை இல்லை என்று வருத்தத்தோடு ஏற்றிருப்போம். எந்நேரத்திலும் மாற்றலாம் என்பது மாற்றும் நேரத்தைக் குறிக்கிறது; கடந்துபோன எந்த நாளிலிருந்தும் மாற்றலாம் என்று அது சொல்லவில்லை. அப்படியொரு பொருளை அதற்குக் கொடுத்தால், ஜனவரி 3-ஆம் தேதிச் சுற்றறிக்கையில் எழுதிய எண்களுக்கு ஒரு மதிப்பும் இல்லை என்றாகும். இரண்டு விதமாகப் பொருள் கொள்ள இடமிருக்கும் வாசகத்தை, அதை எழுதியவருக்குச் சாதகமாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது ஒப்பந்தங்களைப் படிப்பதில் பழைய நெறி. ஒப்பந்தத்தை மாற்ற இரு தரப்பும் இசைய வேண்டும் என்பது 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 62-ஆம் பிரிவு. எங்களிடம் யாரும் இசைவு கேட்கவில்லை.

சட்டத்தின் வலுவையும் அதன் எல்லையையும் நாங்கள் அறிவோம் என்பதற்காக இதையும் சொல்கிறேன். இரயில் ஓட்டுநர் முதலான பணியாளர்களின் ஓய்வூதியத்தில், ஓடும் வண்டியில் வேலை செய்வதற்கான ஓட்டப்படி சேரும் அளவை, 1988-இல் ஒரு திருத்தம் கொண்டுவந்து பல ஆண்டுகளுக்கு முந்தைய தேதியிலிருந்து குறைத்தார்கள். ஏற்கெனவே கிடைத்துவிட்ட உரிமையைப் பின்தேதியிட்டுப் பறிப்பது செல்லாது என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 1997-இல் தீர்ப்பளித்தது. அது அரசுப் பணியாளரின் வழக்கு. தனியார் நிறுவனத்தின் மீது அப்படியே பொருந்தாது. எங்களைப் போன்ற விற்பனைப் பிரதிநிதிகள் சட்டப்படி ‘தொழிலாளர்’ ஆவார்களா என்பதும் நெடுநாள் சிக்கல். மருந்து நிறுவனப் பிரதிநிதிகள் அப்போதைய தொழில் தகராறுச் சட்டத்தின் வரையறைக்குள் வரமாட்டார்கள் என்று 1994-இல் ஒரு தீர்ப்பு இருக்கிறது. இப்போதைய தொழிலாளர் தொகுப்புச் சட்டங்களிலோ ஊதியம் என்பதன் வரையறையிலிருந்து கமிஷன் விலக்கப்பட்டிருக்கிறது. ஆகவே தொழிலாளர் துறை அலுவலகம் எங்களுக்கு நேர்வழி என்று நான் நினைக்கவில்லை. ஒப்புக்கொண்ட தொகையைக் கேட்கும் சாதாரண உரிமையியல் வழக்கு மட்டும் எந்தச் சிக்கலும் இன்றி எஞ்சி நிற்கிறது. அதற்கு மூன்று ஆண்டு அவகாசமும் இருக்கிறது. அங்கே போக எங்களில் யாருக்கும் விருப்பம் இல்லை. பதினொரு ஆண்டாக இந்த நிறுவனத்தின் பெயர் பொறித்த சட்டையைப் போட்டுக்கொண்டு கடைப்படி ஏறியவன் நான்.

இந்த இடைவெளியில் நாங்கள் செய்திருப்பதையும் ஒளிக்காமல் தெரிவித்துவிடுகிறேன். மே மாதச் சம்பளச் சீட்டைத் திறக்கும் முன், திருத்திய திட்டத்தை ஏற்பதாக ஒரு பொத்தானை அழுத்தினால்தான் செயலி அடுத்த பக்கத்துக்குப் போகும்படி வைத்திருந்தீர்கள். சம்பளச் சீட்டு இல்லாமல் வங்கிக் கடன் தவணைக்கும் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்துக்கும் வழி இல்லாததால் பதினேழு பேரும் அழுத்தினோம். அழுத்திய அதே நாளில், ஒவ்வொருவரும் தனித்தனியே மனிதவளப் பிரிவுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினோம்: சம்பளச் சீட்டைப் பார்ப்பதற்காகவே ஏற்பு அழுத்தப்பட்டது; ஏப்ரல் 1 முதலான விற்பனைக்கு இவ்விதியை ஏற்கிறோம்; ஜனவரி–மார்ச் விற்பனைக்கு ஏற்கவில்லை; வந்துள்ள தொகையை ஒரு பகுதியாகப் பெற்றுக்கொள்கிறோம், முழுத் தீர்வாக அல்ல. இதைத் தனித்தனியாக அனுப்பியதற்குக் காரணம், ஒவ்வொருவரின் ஒப்பந்தமும் தனி என்பதே. கூட்டம் சேர்க்கும் நோக்கம் இல்லை. ஜனவரிச் சுற்றறிக்கை, தொண்ணூறு நாள் அறிவிப்பு, பில் வாரியான வரவுத் தேதிகள், மார்ச் 31-இன் செயலித் திரை ஆகியவற்றின் நகல்களை எடுத்து வைத்திருக்கிறோம். கடைக்காரர்களிடம் இதுபற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை, வேலையையும் நிறுத்தவில்லை.

வசூலைப் பொறுத்து ஊக்கத்தொகை என்பது தவறான கொள்கை என்று நாங்கள் சொல்லவில்லை. பணம் வராத விற்பனைக்கு நிறுவனம் கமிஷன் கொடுத்துக்கொண்டிருக்க முடியாது. ஆகவே ஜனவரி–மார்ச் காலாண்டுக்கு ஒரு வழியைத் தங்கள் முன் வைக்கிறோம். பில்லில் எழுதியிருக்கும் கெடு எத்தனை நாளோ அத்தனை நாளைக் கணக்கில் கொள்ளுங்கள்: அறுபது என்றால் அறுபது, தொண்ணூறு என்றால் தொண்ணூறு. தொண்ணூறு நாள் பில்களில் கடைசியானது மார்ச் 31-இல் போட்டது. அதன் கெடு ஜூன் 29-இல் முடிந்துவிட்டது. ஆகவே இனி ஊகத்துக்கு இடமில்லை. வந்த பணமும் வராத பணமும் கணக்குப் பிரிவில் பதிவாகி இருக்கிறது. என் முப்பது லட்சத்தில் 26,50,000 ரூபாய் கெடுவுக்குள் வந்துவிட்டது. மூலனூர்ப் பக்கம் ஒரே ஒரு கடையின் மூன்றரை லட்சம் மட்டும் நிலுவை. அந்தக் கடைக்கு வாரம் இரண்டு முறை போய்க்கொண்டிருக்கிறேன். அந்த மூன்றரை லட்சத்தை என் விற்பனையிலிருந்து கழித்துவிடுங்கள். மீதி ஒரு கோடியே நான்கு லட்சத்து ஐம்பதாயிரம், இலக்கில் 116 விழுக்காடு. ஊக்கத்தொகை 1,04,500 ரூபாய். தங்கள் அச்சம் முழுவதையும் நியாயம் என்று ஏற்றுக்கொண்டு கணக்கிட்டாலும் என் சம்பளச் சீட்டில் 73,300 ரூபாய் குறைகிறது. நிலுவைப் பணம் பின்னால் வந்தால், அதற்குரிய 3,500 ரூபாயைக் கொடுப்பதும் கொடாததும் தங்கள் விருப்பம். அதற்காக நான் வாதாட மாட்டேன்.

இந்தக் கணக்கைப் பதினேழு பேருக்கும் பில் வாரியாகப் போட்டு, ஒவ்வொருவருக்கும் வர வேண்டிய வித்தியாசத்தை எழுத்தில் தெரிவிக்கும்படி கேட்டுக்கொள்கிறோம். இதில் சிலருக்குத் தொகை மிகக் குறைவாகவே கூடும். கெடு தாண்டிய பில்கள் அதிகம் உள்ள இருவருக்கு ஒன்றுமே கூடாமலும் போகலாம். அவர்களும் இந்தக் கணக்கு முறையை ஏற்றே ஒப்புதல் கொடுத்திருக்கிறார்கள். ஜூலை 20-க்குள் பதில் கிடைத்தால், வித்தியாசத்தை ஜூலைச் சம்பளத்தோடு சேர்ப்பதற்கு நேரம் இருக்கும்.

கடைசியாக ஒன்று. ஜூலை–செப்டம்பர் காலாண்டு தொடங்கி ஆறு நாள் ஆகிறது. அதற்கான திட்டம் இன்னும் வரவில்லை. நேற்றுத் தாராபுரத்தில் ஒரு கடையில் எழுபத்தைந்து நாள் தவணை கேட்டார்கள். கொடுக்கலாமா, கொடுத்தால் அது என் விற்பனையா என்பது தெரியாமல், நாளை சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
விற்பனைப் பிரதிநிதி, தாராபுரம்–காங்கயம் பகுதி
(மேற்கு மண்டலத்தின் பதினேழு பேர் சார்பில்)
ஜூலை 6